பெரிய எண் சொல்வதுதான் தீர்ப்பா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லில் கணக்குப் போடத் தொடங்கியதும், விடை சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கூட்டல், கழித்தலில் கம்ப்யூட்டர் தவறாது. ஆனால் "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்கும்போது கணக்கு சரியாக இருந்தும் விடை அபத்தமாக இருக்கலாம். அதைத் தடுக்கும் ஒரு சிறிய வேலையை எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு பொருளை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே வகை தெரிந்தவற்றில் எது அதற்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்த்து, அதன் வகையையே இதற்கும் கொடுப்பது. இதற்கு நியரஸ்ட் நெய்பர் முறை என்று பெயர். அருகில் என்பதை அளக்க, ஒவ்வொரு காலத்திலும் (column அல்ல, நெடுவரிசை என்று சொல்லலாம்) உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 2018 ஜனவரியில் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: விருதுநகர், ராமநாதபுரம். விருதுநகர் எந்த வகை என்பது நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, சுற்றுவட்டார மாவட்டங்களை வைத்துக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இரண்டு விவரங்கள் போதும்.

| மாவட்டம் | மக்கள்தொகை | எழுத்தறிவு % |
|---|---|---|
| விருதுநகர் | 19,42,288 | 80.15 |
| ராமநாதபுரம் | 13,53,445 | 80.72 |
| சிவகங்கை | 13,39,101 | 79.85 |
| திண்டுக்கல் | 21,59,775 | 76.26 |
| தூத்துக்குடி | 17,50,176 | 86.16 |
| மதுரை | 30,38,252 | 83.45 |
| தேனி | 12,45,899 | 77.26 |
| திருநெல்வேலி | 30,77,233 | 82.50 |

இந்த எண்களை அப்படியே கொடுத்தால், விருதுநகருக்கு மிக அருகில் இருப்பது தூத்துக்குடி என்று விடை வரும். மக்கள்தொகை வித்தியாசம் 1,92,112. எழுத்தறிவு வித்தியாசம் 6.01. எட்டு மாவட்டங்களில் எழுத்தறிவில் முதலிடம் தூத்துக்குடிக்குத்தான். விருதுநகரிலிருந்து அந்த விஷயத்தில் மிகத் தள்ளி இருப்பதும் அதுதான். ஆனால் லட்சங்களுக்கு முன்னால் 6 என்ற எண் எடுபடவே இல்லை. எழுத்தறிவு நெடுவரிசையையே அழித்துவிட்டாலும் இதே விடைதான் வரும்.

இப்போது ஒரு வேடிக்கை செய்யுங்கள். மக்கள்தொகையை லட்சத்தில் எழுதுங்கள்: 19.42, 17.50 என்று. ஒரு விவரமும் மாறவில்லை. ஆனால் தூத்துக்குடியின் தொலைவு 6.31 ஆகிறது, திண்டுக்கல்லின் தொலைவு 4.46 ஆகி அது முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. ஆளை எழுதினால் தூத்துக்குடி, லட்சத்தை எழுதினால் திண்டுக்கல். எந்த மாவட்டம் எதைப் போன்றது என்பதை நாம் டைப் செய்த அலகா தீர்மானிப்பது?

இதற்கான மருந்து மின்-மேக்ஸ் ஸ்கேலிங். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய எண் 0 ஆகவும், மிகப் பெரிய எண் 1 ஆகவும், மற்றவை இடையிலும் வரும்படி மாற்றுவது. மாவட்டப் பெயர் A-யிலும், மக்கள்தொகை B-யிலும், எழுத்தறிவு C-யிலும், விருதுநகர் இரண்டாம் வரியிலும் இருந்தால் D2-வில் இதை டைப் செய்யுங்கள்:

```
=(B2-MIN(B$2:B$9))/(MAX(B$2:B$9)-MIN(B$2:B$9))
```

அதை E2-வுக்கும், பிறகு இரண்டையும் ஒன்பதாம் வரி வரைக்கும் இழுத்துவிடுங்கள். தொலைவுக்கு F3-யில் இதை டைப் செய்து கீழே இழுங்கள்:

```
=SQRT((D3-D$2)^2+(E3-E$2)^2)
```

இப்போது ராமநாதபுரம் 0.327, சிவகங்கை 0.331, திண்டுக்கல் 0.410, தூத்துக்குடி 0.616 என்று வரும். மிக அருகில் இருப்பது ராமநாதபுரம். மக்கள்தொகையை லட்சத்தில் எழுதினாலும் ஆயிரத்தில் எழுதினாலும் இந்த விடை மாறாது.

அரசுப் பட்டியலோடு விடை பொருந்திவிட்டதே என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் உள்ள இடைவெளி மயிரிழைதான். ஒரு மாவட்டத்துக்குப் பதில் மூன்று அண்டை மாவட்டங்களைக் கேட்டு வாக்கெடுத்தால் ராமநாதபுரம், சிவகங்கை, திண்டுக்கல் வரும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விடை "பட்டியலில் இல்லை" என்று ஆகிவிடும். தவிர, சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் ராமநாதபுரத்தின் கடற்கரையில் இல்லை. நாம் கொடுத்த இரண்டு நெடுவரிசைகளுக்கு அது தெரியாது. ஸ்கேலிங் செய்வது இருக்கும் விவரங்களுக்குச் சம வாய்ப்பு கொடுக்கத்தான். கொடுக்காத விவரத்தை அது கொண்டுவராது.

மின்-மேக்ஸ் முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. தூத்துக்குடியின் எழுத்தறிவை டைப் செய்யும்போது புள்ளியை விட்டு 8616 என்று அடித்துவிட்டால், அது 1 ஆகிவிடும். மற்ற ஏழு மாவட்டங்களும் 0-வுக்கும் 0.001-க்கும் நடுவே நசுங்கிவிடும். எழுத்தறிவு மறுபடியும் செல்லாக்காசு; விடை திண்டுக்கல். எந்த எரர் செய்தியும் வராது. மாற்றிய நெடுவரிசையில் ஒரே ஒரு 1-ம் மற்றவை எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியும் இருந்தால் அசல் எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

தவறே இல்லாமல் உண்மையிலேயே ஓர் எண் மற்றவற்றைவிட மிகப் பெரிதாக இருந்தால் ஸ்டாண்டர்டைசேஷன் முறையைப் பார்க்கலாம். சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பது. இதற்கு எக்ஸெல்லில் AVERAGE, STDEV இரண்டும் போதும். அதுவும் பெரிய எண்ணால் பாதிக்கப்படும் என்றாலும், வெறும் இரண்டு முனை எண்களை மட்டும் நம்பாமல் எல்லா எண்களையும் கணக்கில் எடுக்கிறது. நம் எட்டு மாவட்டங்களுக்கு இதைச் செய்தாலும் ராமநாதபுரமே முதலில் வருகிறது.

பின்னால் புதிதாக ஒரு மாவட்டத்தைச் சோதிக்க நேர்ந்தால், பழைய எட்டு மாவட்டங்களின் MIN, MAX எண்களையே பயன்படுத்துங்கள். சென்னையின் மக்கள்தொகை 46,46,732, அது 1.857 என்று வரும். ஒன்றைத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அளவுகோலுக்கு வெளியே இருக்கிறது என்று அது உண்மையைத்தான் சொல்கிறது.

எல்லா விவரங்களையும் சமமாக நடத்துவதும் ஒரு முடிவுதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான். எழுத்தறிவு இரண்டு மடங்கு முக்கியம் என்று நினைத்தால், ஸ்கேலிங் செய்த பிறகு அந்த நெடுவரிசையை 2-ஆல் பெருக்குங்கள். அப்போது அது நீங்கள் வெளிப்படையாக எடுத்த முடிவு; பார்ப்பவர் கேள்வி கேட்கலாம். ஸ்கேலிங் செய்யாமல் விட்டால் அதே முடிவை அலகு உங்களுக்குத் தெரியாமல் எடுத்துவிடுகிறது.

யாராவது "கம்ப்யூட்டர் இதை இந்த வகையில் சேர்த்திருக்கிறது" என்று ஒரு பட்டியலை நீட்டினால், ஒரு நெடுவரிசையின் அலகை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விடை மாறினால் அந்தப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.