திருவாசலும் திருச்சுற்றும் உண்ணாழிகையும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்கு வழிகாட்டி நூலொன்றைக் கையிலேந்தி வரும் புதியவனை எண்ணிப் பாருங்கள். கோபுரத்தைக் கண்டு, பிராகாரத்தை வலம்வந்து, கர்ப்பக்கிருகத்தை வணங்குமாறு அந்நூல் அவனுக்குக் கூறுகின்றது. மூன்று சொற்களும் அவன் காதுக்குப் பழகியவையே. ஆயினும் அவன் கண்முன் நிற்கும் கட்டடத்தை அவை தெளிவாகக் காட்டுவதில்லை.

கோபுரம் என்பது வாயிலின்மேல் எழுவது. ஆயின் உயர்ந்தது எதுவாயினும் அதனைக் கோபுரமென்றே மக்கள் சொல்லிப் பழகிவிட்டனர். தஞ்சைப் பெரிய கோயிலில் வானளாவ நிற்பது இறைவன் அறையின் மேற்கட்டடமே. வாயில்கள் அதனினும் மிகத் தாழ்ந்தவை. அவ்வாயில்களைக் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் என்றே சோழர் வழங்கினர். 'திருவாசல்' என்றபின் யாரே மயங்குவர்?

பிராகாரம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் மதில் என்பதே பொருள். இங்கோ மதிலுக்கு உட்பட்ட நடைவழியையும் அச்சொல்லே சுட்டுகின்றது. சுவர் வேறு, வழி வேறன்றோ? மதில், திருச்சுற்று என இரண்டையும் பிரித்தறிந்தவன் தமிழன். மதிலையொட்டிய தூண்வரிசைக் கட்டடத்துக்குத் திருச்சுற்று மாளிகை என்று மூன்றாவதொரு பெயரும் வைத்தான். இராசராசன் ஆணையால் கிருட்டிணன் இராமன் என்னும் படைத்தலைவன் திருச்சுற்று மாளிகை எடுப்பித்ததைத் தஞ்சைக் கல்வெட்டே கூறும்.

கர்ப்பக்கிருகத்துக்குக் கருவறை என்பது பொருளுக்குப் பொருள் நேர்நிற்கும் நல்ல சொல். எனினும் கல்வெட்டுகளில் ஆட்சிபெற்ற சொல் உண்ணாழிகை. உள், நாழிகை எனப் பிரிந்து உள்ளறை என்று பொருள்தரும் இச்சொல், உள்ளே இருப்பது யாது என்று சொல்வதில்லை. இடத்தை மட்டுமே சுட்டும். ஆவுடையார்கோவிலுக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. அங்கு உள்ளறையில் இலிங்கம் இல்லை. அதனைத் தாங்கும் அடிப்பகுதியாகிய ஆவுடையார் மட்டுமே உண்டு. மாணிக்கவாசகர் அருள்பெற்ற அத்திருப்பெருந்துறையில் வணங்கப்படுவது உருவமற்ற இறை. ஊர்ப்பெயர் விளங்கவேண்டின் இதனை வழிகாட்டி நூல் முதலில் சொல்லவேண்டும்.

இதற்கெல்லாம் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அக்கோயிலின் பெரும்புகழ், கல்லை மரச்சட்டம்போல் இழைத்துச் சாய்த்த கூரைவிளிம்பு. அதன் பெயர் கொடுங்கை. வளைந்த கை என்னும் தூய தமிழ். கட்டட முறி எழுதும் பழைய கற்றச்சர், 'ஆவுடையார்கோவிற் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதி வாங்கினர் என்பது வழிவழிச் செய்தி. உளிபிடித்தவன் வழங்கிய சொல் தமிழாயிருக்க, நூலெழுதுபவன் சொல் மட்டும் ஏன் அயலதாதல் வேண்டும்?

கோபுரம் என்னும் சொல் ஒருநாளில் மறையாது. ஆதலின் வழிகாட்டி நூலும் கோயிற் பலகையும் திருவாசல், திருச்சுற்று, உண்ணாழிகை என்பவற்றை முன்னெழுதி, பழகிய சொல்லை அடைப்புக்குள் இடுக. அடைப்பு நாளடைவில் தானே உதிரும்.