உராய்வு குறைப்பது வேகத்தை அல்ல

“ஒரே விட்டமுள்ள நீண்ட கிடைமட்டக் குழாயில் நிரம்பி ஓடும் தண்ணீரின் வேகம் போகப் போக என்ன ஆகும்?” இந்தக் கேள்வி மாணவரைச் சிக்கவைக்கும் தந்திரம், கருத்தரங்கிலிருந்து நீக்குங்கள் என்கிறார் நண்பர். ஏற்க முடியாது. உராய்வால் வேகம் குறையும் என்பவரும், அழுத்தம் குறைவதால் பெர்னூலிப்படி வேகம் கூடும் என்பவரும் இங்கேதான் பிடிபடுகிறார்கள். இரண்டும் தவறு. நுழைந்த நீர் அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். விட்டம் மாறாதபோது சராசரி வேகமும் மாறாது. உராய்வுக்கு விலையாகப் போவது அழுத்தம்.

50 மி.மீ. விட்டம், 100 மீட்டர் நீளம், விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்று கொள்வோம். டார்சி உராய்வுக் காரணி 0.02 என்றால், இழப்பு சுமார் 2 மீட்டர் நீர் உயரம். வழிநெடுகச் செங்குத்தாகக் கண்ணாடிக் குழல்களைப் பொருத்தினால், நீர்மட்டம் நேர்கோட்டில் இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். பெர்னூலியை நம்பியவர் செய்த பிழை, அந்த 2 மீட்டரைச் சமன்பாட்டில் சேர்க்காததுதான்.

கேள்வியில் திருத்த வேண்டியது ஒன்றுண்டு: “தண்ணீர்” என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். நீண்ட எரிவாயுக் குழாயில் அழுத்தம் குறையக் குறைய அடர்த்தியும் குறைகிறது. அதே நிறை கடந்துபோக வாயு வேகமெடுக்கிறது. அங்கே உராய்வே வேகத்தைக் கூட்டுகிறது. அதை அடுத்த கேள்வியாகக் கேளுங்கள்.