இடத்திற்கு ஒரு கணக்கு போதும், திசையும் அதிலேயே இருக்கிறது

மினிமேப்பில் எதிரியின் ஐகான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஆட்டக்காரர் கிழக்கே ஓடுகிறார், அம்புக்குறி மேற்கைக் காட்டுகிறது. இப்படி ஒரு பிழை பதிவானதும் பல குழுக்களில் யாராவது கோணத்தில் 90-ஐக் கழித்துப் பார்ப்பார்; சரிவராவிட்டால் கூட்டிப் பார்ப்பார்; அதற்கும் மசியாவிட்டால் முன்னால் ஒரு கழித்தல் குறி போடுவார். கடைசியில் திரையில் ஏதோ ஒன்று பொருந்தியதும் பிழை மூடப்படும். அடுத்த வரைபடம் சேர்க்கப்படும் நாளில் அதே பிழை வேறு உருவில் திரும்பும். இதற்கு அடிப்படைக் காரணம், இடத்தை மாற்ற ஒரு கணக்கும் திசையை மாற்ற இன்னொரு கணக்குமாக இரண்டைத் தனித்தனியே எழுதுவதுதான். உலகிலிருந்து வரைபடத்துக்குச் செல்லும் மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஐகானின் கோணம் அதிலிருந்தே பிறக்க வேண்டும்.

இரண்டு கணக்குகள் ஏன் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதை எஞ்சின்களின் மரபுகளே காட்டுகின்றன. கோடோவில் வடக்கை −Z என்று வைத்தால், உலகின் Z தெற்கே கூடுகிறது. திரையின் Yயும் கீழ்நோக்கியே கூடுகிறது. ஆகவே இடத்தைக் கணக்கிடும்போது எந்தக் குறியையும் மாற்ற வேண்டியதில்லை. சுழற்சியில் கதை வேறு: மேலிருந்து பார்த்தால் உலகில் Y அச்சைச் சுற்றிய கோணம் கடிகாரத்துக்கு எதிராகக் கூடுகிறது, திரையில் கடிகாரத் திசையில் கூடுகிறது. எனவே கோணத்துக்கு மட்டும் கழித்தல் குறி வேண்டும். அன்ரியலில் இது தலைகீழ். அங்கே முன்திசை X, வலம் Y. அதனால் இடத்தில் இரு அச்சுகளையும் இடம் மாற்றி ஒன்றின் குறியையும் திருப்ப வேண்டும். கோணமோ இரு பக்கமும் கடிகாரத் திசையிலேயே கூடுவதால் அப்படியே பொருந்திவிடும். ஓர் எஞ்சினுக்கான பாடத்திலிருந்து இரண்டு வரிகளை எடுத்து மற்றொன்றில் ஒட்டினால் ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் வருவதில் வியப்பில்லை.

கோடோவிலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டு நிலத்தின் வடமேற்கு மூலை X −200, Z −600. நிலம் 1024 மீட்டர் சதுரம். வரைபடப் படம் 256 பிக்சல் சதுரம். அதாவது ஒரு மீட்டருக்கு கால் பிக்சல். எதிரி X 56, Z 168 என்ற இடத்தில் நிற்கிறார். மூலையிலிருந்து அவர் 256 மீட்டர் கிழக்கே, 768 மீட்டர் தெற்கே இருக்கிறார். வரைபடத்தில் அவருக்குரிய இடம் (64, 192). மூலையைக் கழிக்க மறந்தால் (14, 42) என்று வரும். எல்லா ஐகான்களும் ஒரே அளவு, 50 பிக்சல் இடப்பக்கமாகவும் 150 பிக்சல் மேலாகவும் நகர்ந்திருக்கும். தேவையில்லாமல் Yயைத் திருப்பினால் (64, 64) என்று வரும். நிலத்தில் அது 512 மீட்டர் பிழை. ஆனால் அதே எதிரி நிலத்தின் நடுவில் நின்றிருந்தால் அந்தத் திருப்பல் கண்ணுக்கே தெரியாது.

பிழையின் வடிவத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிட முடியும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரம். எல்லா ஐகான்களும் ஒரே அளவு விலகினால் தொடக்கப் புள்ளி தவறு. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக விலகல் கூடினால் அளவுகோல் தவறு. யூனிட்டியின் orthographicSize பார்வை உயரத்தில் பாதி என்பதை மறந்து முழு உயரமாகக் கொள்வது இதற்கு வழக்கமான காரணம். ஆள் நின்ற இடத்திலேயே திரும்ப, ஐகான் ஒரு சிறு வட்டம் அடித்தால் மாற்றக் கணக்கில் குற்றமில்லை. கோடோவின் Control முனையில் pivot_offset இயல்பாக மேல் இடது மூலையில் இருப்பதால் ஐகான் தன் மூலையைச் சுற்றிச் சுழல்கிறது. கோணம் எப்போதும் 180 பாகை தவறினால் மாடல் +Z பக்கம் முகம் வைத்து உருவாக்கப்பட்டிருக்கும். வடக்கும் தெற்கும் சரியாக இருந்து கிழக்கும் மேற்கும் மாறியிருந்தால் குறி தவறு. கடைசியாகச் சொன்ன குறிப் பிழை, திசைக்குத் தனிக் கணக்கு எழுதியதால் விளைவது. முன்திசையில் ஓரடி தள்ளி உள்ள புள்ளியையும் இடத்துக்கான கணக்கிலேயே மாற்றிவிட்டால், குறிப் பிழை தனியாக நுழைய வழியில்லை:

```gdscript
func world_to_map(p: Vector3) -> Vector2:
	return (Vector2(p.x, p.z) - world_min) / world_size * map_size

func heading_on_map(n: Node3D) -> float:
	var p := n.global_position
	var f := -n.global_transform.basis.z
	return (world_to_map(p + f) - world_to_map(p)).angle() + PI / 2
```

"கடைசியில் இங்கும் 90 பாகை கூட்டப்படுகிறதே" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த 90 எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்: angle() வலப்பக்கத்திலிருந்து அளக்கிறது, நம் அம்புப் படமோ மேல்நோக்கி வரையப்பட்டிருக்கிறது. படம் மாறினால் இந்த எண் மாறும், உலகம் மாறினால் மாறாது. மாடல் பின்னோக்கி இருந்தாலும் திருத்த வேண்டிய இடம் f என்ற ஒரே வரி. ஐகானுக்கு ஒரு கூடுதல் atan2 என்ற செலவு, சில நூறு ஐகான்கள் உள்ள மினிமேப்பில் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஒரு வரம்பு மட்டும் உண்டு: விமானம் நேர் செங்குத்தாக ஏறும்போது முன்திசைக்கு வரைபடத்தில் நீளமே இருக்காது. அப்போது முந்தைய கோணத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரைபடம் ஓவியர் கையால் வரைந்தது, அளவுக்குக் கட்டுப்படாது, கண்ணால் பார்த்துத்தான் பொருத்த முடியும் என்பார்கள். உண்மையில் அங்கேதான் ஒரே கணக்கின் பயன் அதிகம். 2048 மீட்டர் அகலமும் 1024 மீட்டர் உயரமும் உள்ள நிலத்தை 256 பிக்சல் சதுரத்தில் அடைத்தால், வடகிழக்கே சரியாக 45 பாகையில் நடப்பவரின் ஐகான் வரைபடத்தில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 26.6 பாகையில்தான் நகரும். உடலின் கோணத்தை நேரடியாக ஐகானுக்குக் கொடுத்தால் அம்பு ஒரு பக்கம் காட்ட, ஐகான் வேறு பக்கம் போகும். இடத்திலிருந்து பிறந்த கோணம் அது நகரும் பாதையையே காட்டும். பொருத்துவதற்கும் கண் தேவையில்லை. ஒரே கிடைக்கோட்டிலோ செங்குத்துக்கோட்டிலோ அமையாத இரு அடையாளங்களின் உலக இடமும் பிக்சல் இடமும் தெரிந்தால் world_min, world_size இரண்டும் கிடைத்துவிடும். ஓவியர் வடக்கைச் சாய்த்து வரைந்திருந்தால், ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வேண்டும். அப்போது அந்த ஒரே சார்பின் உள்ளே சுழற்சியும் சேரும், அழைப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். ஆட்டக்காரரோடு சுழலும் மினிமேப்புக்கும் இதே விதிதான். முதலில் ஆட்டக்காரரின் இடத்தைக் கழித்து, பிறகு சுழற்ற வேண்டும். வரிசை மாறினால் ஐகான்கள் உலகின் தொடக்கப் புள்ளியைச் சுற்றி வீசப்படும்.

மேலே ஒரு கேமராவை வைத்து நேராகப் படம்பிடித்தால் இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நிலத்தைக் காட்ட அது போதும். ஆனால் மினிமேப்பின் வட்டத்துக்கு வெளியே உள்ள இலக்கை விளிம்பில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்றதும் அதே மாற்றம் தேவைப்படுகிறது. அத்துடன் காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டாம் முறை வரையும் செலவும் சேர்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சோதனைப் புள்ளியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நிலத்தின் நடுப்புள்ளி திருப்பலை மறைக்கும். மூலைவிட்டம் அச்சு மாற்றத்தை மறைக்கும். நேர் வடக்கு குறிப் பிழையை மறைக்கும். இவை எதிலும் சேராத ஓரிடத்தில் ஆளை நிறுத்தி, வடக்கிலிருந்து 30 பாகை கிழக்கே பார்க்க வையுங்கள். சதுர அளவுள்ள வரைபடத்தில் அம்பு −30 காட்டினால் குறி தவறு, கோடோவில் 240 காட்டினால் அச்சுகள் இடம் மாறியுள்ளன, 210 காட்டினால் முன்திசை தலைகீழ். அந்த ஒரு சோதனையைத் தானியங்கிச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிட்டு, கோடில் காரணம் எழுதப்படாமல் நிற்கும் ஒவ்வொரு 90-ஐயும் நீக்குங்கள்.