தோட்டத்து முனையில் பெட்டி வைக்கும் முன்

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களுக்குப் போகும் தொலைபேசிக் கம்பி, பேச்சுக்காக இழுக்கப்பட்டது. டெலிகோம் மலேசியா 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் சேவையைத் தொடங்கியபோது, ஏடிஎஸ்எல் அந்தக் கம்பியிலேயே 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளை ஏற்றியது. டவுன் வீட்டுக்கும் தோட்டத்து லயத்துக்கும் வேகம் ஏன் அவ்வளவு வேறுபட்டது என்பதற்கு ஒரு கணக்குப் போதும்.

0.4 மில்லிமீட்டர் செப்பு இணையில் 300 கிலோஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் மெலியும். 1 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 23 டெசிபல். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கி மின்தடை கூடுவதே முக்கியக் காரணம். அனுப்பும் அலை, பின்னணி இரைச்சலைவிட ஏறத்தாழ 100 டெசிபல் மேலே இருக்கிறது என்று வைப்போம். பிழையின்றிப் படிக்கவும் பாதுகாப்புக்கும் அதில் 13 டெசிபல் ஒதுக்க வேண்டும். மீதியில் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒரு டோன் ஒரு பிட்டைச் சுமக்கும்.

2 கிலோமீட்டரில் 1 மெகாஹெர்ட்ஸ் டோன் 46 டெசிபலை இழந்தும் 13 பிட் சுமக்கிறது. 4 கிலோமீட்டரில் இழப்பு 92 டெசிபல். அந்த டோனில் ஒரு பிட்டும் ஏறாது. அதே தூரத்தில் 300 கிலோஹெர்ட்ஸ் டோன் இன்னும் 10 பிட் சுமக்கும். நீளம் கூடும்போது மேல் டோன்கள் முதலில் சாகின்றன. வாடிக்கையாளருக்குப் பெரிய வேகத் திட்டம் விற்பதால் அவை உயிர்பெறா.

ஆகவே கம்பியைக் குறுக்குவதே சரியான வழி. 2010இல் வந்த யூனிஃபை, அடுக்குமாடிகளில் கட்டடம் வரை கண்ணாடி இழையைக் கொண்டுபோய்க் கடைசித் துண்டுக்கு மட்டும் விடிஎஸ்எல்2 வைத்தது இதனால்தான். தோட்டத்து முனையில் ஒரு கேபினட் வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. நம் துறையில் அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டரில் கேபினட். அதற்கும் ஒரு கிலோமீட்டர் தள்ளி வீடுகள். பாதி வீடுகளைக் கேபினட்டுக்கு மாற்றி, மீதியைப் பழைய நிலையத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். கேபினட் இருக்குமிடத்தில் நிலையத்து அலை 300 கிலோஹெர்ட்ஸில் ஏற்கெனவே 42 டெசிபல் மெலிந்திருக்கும். கேபினட்டின் அலையோ முழு வலுவில் புறப்படுகிறது. ஒரே கேபிளுக்குள் அது பக்கத்து இணைகளுக்குக் கசியும்போது, பழைய வீடுகளின் மெலிந்த அலை அந்தக் குறுக்குப்பேச்சில் மூழ்கிவிடும். மோடம் திரையில் இது தெளிவாகத் தெரியும்: மெலிவு அளவு மாறாது, இரைச்சல் விளிம்பு மட்டும் சரியும். மூட்டில் நீர் இறங்கியிருந்தால் மெலிவு அளவும் பெரும்பாலும் மாறும்.

கேபினட்டை இயக்கும் முன் அந்தக் கேபிளின் இணைப் பட்டியலைப் பாருங்கள். எல்லா இணைகளையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். சில வீடுகளை நிலையத்தில் விட்டே ஆக வேண்டுமென்றால், அவை இன்னும் பயன்படுத்தும் டோன்களில் மட்டும், நிலையத்து அலை கேபினட் இருக்குமிடத்தில் மெலிந்திருக்கும் அளவுக்குக் கேபினட்டின் வலிமையையும் டோன் டோனாகக் குறையுங்கள். புதிய இணைப்புகள் கொஞ்சம் வேகம் இழக்கும். பழைய வீடுகளின் இணைப்பு அறுந்துபோகாது.