உரையாடலும் ஆவணமே

"அலுவலகச் சாட் செய்தி வாய்ப்பேச்சுக்கு நிகரானது, தணிக்கைக்காக அதைப் பாதுகாப்பது வீண்" என்னும் வாதத்தை நான் அறவே மறுக்கிறேன். தொழில் சம்பந்தமான செய்திகளை மூன்றாண்டுக் காலம் காக்க வேண்டுமென அமெரிக்கத் தரகு நிறுவனங்களுக்கு 17ஏ-4 விதி கட்டளையிட்டிருக்க, ஊழியர்களின் வாட்ஸப் செய்திகளைக் காக்கத் தவறிய ஜே.பி. மார்கன் செக்யூரிட்டீஸ், 2021 டிசம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 12.5 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. செய்தியைக் காத்தால் மட்டும் போதாது, அதன் நேரமும் தெளிவாக நிற்க வேண்டும்: நியூயார்க்கில் டிசம்பர் 31 இரவு 8 மணிக்குச் சாட்டில் அனுப்பிய ஒப்புதல், உலகப் பொதுநேரப்படி எடுத்த கோப்பில் ஜனவரி 1, 01:00 என்றே நிற்குமாதலால், நேரமண்டலக் குறிப்பைக் காணாத தணிக்கையாளர் அதை மறு ஆண்டின் கணக்கில் சேர்த்துவிடுவார். எனவே, தணிக்கை அறிவிப்பு வந்த க்ஷணமே தானியங்கி அழிப்பை நிறுத்தி, மூலக் கோப்பை நேரமண்டலத்தோடு காப்பது நிர்வாகத்தின் தட்டிக்கழிக்கலாகாத கடமை.