ஆணுக்கு எத்தனை அங்குலச் சங்கிலி?

"மைனர் செயின்" என்று ஒரு பெயர் நம் ஊர்களில் உண்டு. பட்டுச் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு, தடித்த தங்கச் சங்கிலி மின்ன வீதியில் நடந்து வரும் பணக்கார வீட்டுப் பிள்ளையை வைத்து வந்த பெயர் அது. அந்தச் சங்கிலி திருவிழாவுக்குச் சரி. கல்யாணப் பந்திக்கும் சரி. மறுநாள் காலையில் பெட்டிக்குள் போய்விடும்.

நாம் இங்கே பேசப்போவது பெட்டிக்குள் போகாத சங்கிலியைப் பற்றி. குளிக்கும்போதும் தூங்கும்போதும் வேலை செய்யும்போதும் கழுத்திலேயே கிடக்கும் சங்கிலி. அதற்கு எவ்வளவு நீளம்? எவ்வளவு தடிமன்?

நகைக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பவுனில் பார்க்கிறீர்கள்?" என்பதுதான். நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் கோணல் ஆரம்பமாகிறது. முதலில் சொல்ல வேண்டியது பவுன் அல்ல, கழுத்தின் அளவு!

அளப்பது மிகவும் எளிது. ஒரு நூலை எடுத்து, சட்டைக் கழுத்துப் பட்டை உட்காரும் இடத்தில் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். நூலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். பிறகு அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வரும் அங்குலத்தோடு 4 அங்குலம் கூட்டினால், சங்கிலி தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் உட்காரும். அதைவிடக் கீழே வேண்டுமா? 2 அங்குலம் நீளம் கூட்டினால் ஏறத்தாழ 1 அங்குலம்தான் கீழே இறங்கும். கூட்டிய நீளம் இரண்டு பக்கமும் பங்காகிவிடுகிறது அல்லவா? இது தெரியாமல், "இன்னும் ஓர் அங்குலம் இறங்க வேண்டும்" என்று நீளத்திலும் ஓர் அங்குலம் மட்டும் கூட்டச் சொல்லி ஏமாறுகிறவர்கள் பலர்.

ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் 4 பவுன் தங்கம் வைத்திருக்கிறார். அதாவது 32 கிராம். பிள்ளைகள் இருவர். மூத்தவன் ஒல்லி, உயரம், நீண்ட கழுத்து. சுற்றளவு 14 அங்குலம். இளையவன் அரிசி மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. தோளோடு ஒட்டிய குட்டைக் கழுத்து. சுற்றளவு 17 அங்குலம். "இருவருக்கும் 20 அங்குலம், ஆளுக்கு 2 பவுன். சண்டை இல்லை!" என்கிறார் தகப்பனார்.

என்ன ஆகும்? மூத்தவனுக்கு 6 அங்குலம் மிச்சம். குனிந்தால் ஊஞ்சல் ஆடும். சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரில் விழும். இளையவனுக்கோ 3 அங்குலம்தான் மிச்சம். அவன் கழுத்து மடிப்புக்குள் சங்கிலி புதைந்துகொள்ளும். வியர்வையும் சோப்பும் அதற்கடியில் தேங்கி அரிக்கும். பிடரி முடி கண்ணிகளில் சிக்கி இழுக்கும். ஆகவே மூத்தவனுக்கு 18 அங்குலம், இளையவனுக்கு 22 அங்குலம். இதுதான் பொருத்தம்.

நீளம் முடிந்தது. இனித் தடிமன்.

ஆளுக்கு 16 கிராம் என்று சமமாகப் பிரித்து, ஒரே பின்னலில் செய்தால் ஒரு வேடிக்கை நடக்கும். குட்டையான சங்கிலியில் அதே தங்கம் நெருக்கமாகச் சேரும். நீளமான சங்கிலியில் பரவிப் போகும். ஒல்லிக் கழுத்துக்காரனின் சங்கிலி பத்தில் ஒரு பங்கு தடித்திருக்கும். பருத்த கழுத்துக்காரனின் சங்கிலி மெலிந்து, நூல் கட்டியது போலத் தெரியும். வேண்டியதற்கு நேர் எதிர்!

இரண்டையும் ஒரே தடிமனில் செய்ய வேண்டுமானால் கணக்கு இப்படி வரும். 18-ம் 22-ம் சேர்ந்து 40 அங்குலம். 32 கிராமை 40 அங்குலத்துக்குப் பங்கிட்டால் அங்குலத்துக்கு 0.8 கிராம். மூத்தவனுக்கு 14.4 கிராம், இளையவனுக்கு 17.6 கிராம். வித்தியாசம் 3.2 கிராம். தராசிலும் சமம் வேண்டும் என்று வீட்டில் குரல் எழுந்தால், அந்த 3 கிராம் சொச்சத்துக்கு மூத்தவனுக்கு ஒரு மோதிரம் பின்னால் செய்து போடலாம். அதற்காகப் பொருந்தாத சங்கிலியை இருவர் கழுத்திலும் மாட்டிவிடக் கூடாது.

இப்போது இளையவன் ஆசைப்படுகிறான்: "இது 3 மில்லிமீட்டர்தானே, 4 ஆக்கிவிடுங்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர்!"

இந்த "ஒரே ஒரு மில்லிமீட்டர்" குடும்பத்தைக் கவிழ்க்கும். தடிமன் கூடும்போது எடை அதே அளவில் கூடுவதில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். கம்பி அகலத்திலும் தடிக்கிறது, உயரத்திலும் தடிக்கிறது என்பதே காரணம். 3 மில்லிமீட்டரில் 17.6 கிராம் இருந்த சங்கிலி, 4 மில்லிமீட்டரில் 31 கிராமைத் தாண்டிவிடும். தகப்பனார் வைத்திருந்த 4 பவுனும் ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கே போய்விட்டது! அரை மில்லிமீட்டர் மட்டும் கூட்டினால்கூட 24 கிராம், அதாவது 3 பவுன். செய்கூலி, சேதாரம் தனி.

பருத்த உடம்புக்கு 3 மில்லிமீட்டர் போதுமா என்றால், கொஞ்சம் அடக்கமாகத்தான் தெரியும். ஆனால் தினமும் போடும் சங்கிலிக்கு அடக்கம் நல்லதுதான் என்பது என் கட்சி. தடிமனாய்த் தெரிய வேண்டும் என்கிறவருக்குத் தட்டையாக அடித்த கண்ணிகள் உள்ள பின்னல் இருக்கிறது. அதே எடைக்குச் சற்று அகலமாகக் காட்டும். முடியிலும் அவ்வளவாகச் சிக்காது.

கடையில் இன்னொரு வழியும் காட்டுவார்கள். "எடை 2 பவுன், பார்வைக்கு 5 பவுன்!" இங்கேதான் விழித்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் உள்ளே கூடான சங்கிலி. குழாய்போல் செய்த கண்ணிகள். விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றி வைக்கிறவருக்கு அதில் குற்றம் இல்லை. தினமும் போடுகிறவருக்கு ஆகாது. தூங்கும்போது உடம்புக்கடியில் அழுந்தினால் நசுங்கும். நசுங்கியதை உள்ளிருந்து தட்டி நிமிர்த்த வழியில்லை. கண்ணியும் கண்ணியும் உராயும் இடத்தில் தகடு தேய்ந்து ஓட்டை விழும். அதைப் பற்றவைப்பதும் கஷ்டம். எப்படிக் கண்டுபிடிப்பது? அதே நீளமும் அதே தடிமனும் உள்ள கெட்டிச் சங்கிலி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒன்றை இடக்கையிலும் மற்றொன்றை வலக்கையிலும் ஏந்திப் பாருங்கள். கையே சொல்லிவிடும். கூசாமல் கேட்கலாம்; பணம் நம்முடையது.

கெட்டிச் சங்கிலியும் தேயாமல் இருக்காது. 22 காரட் தங்கம் மெதுவானது. கண்ணிகள் ஒன்றையொன்று இரவும் பகலும் உரசிக்கொண்டிருக்கின்றன. கொக்கி சேரும் வளையமும் பதக்கம் தொங்கும் இடத்துக் கண்ணிகளும்தான் முதலில் மெலியும். பதக்கம் கனத்தால் தேய்மானமும் அதிகம். தேய்மானத்தை வீட்டிலேயே அறிய ஒரு வழி உண்டு. வாங்கிய அன்று சங்கிலியை நேராக நீட்டி அளந்து, ரசீதின் பின்புறம் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 22 அங்குலச் சங்கிலி 22¼ அங்குலம் காட்டினால் அது வளரவில்லை. கண்ணிகளின் உட்புறம் தேய்ந்து, இடைவெளி கூடியிருக்கிறது. ஏதாவது ஒரு கண்ணியில் கம்பி பாதியாக மெலிந்திருந்தால் உடனே பத்தரிடம் கொண்டுபோக வேண்டும். அறுந்து விழுந்த பிறகு பேருந்து நிலையத்தில் தேடிப் பயனில்லை.

கைச்சங்கிலிக்கு வருவோம். பிரேஸ்லெட் என்றால்தான் இளைஞர்களுக்குப் புரியும்! இதற்கும் நூல்தான். மணிக்கட்டு எலும்புக்கு அருகே சுற்றி அளவெடுங்கள். மாலையில் அளப்பது நல்லது. வெயிலிலும் வேலையிலும் கை சற்று வீங்கும். காலையில் அளந்து வாங்கினால் மாலையில் பிடிக்கும்.

அந்த அளவோடு அரை முதல் முக்கால் அங்குலம் கூட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. சங்கிலி தடிமனாக இருந்தால், அந்தத் தடிமனே உள் சுற்றளவைத் தின்றுவிடும். தடிமனைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் உள்ளே குறையும். 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அரை அங்குலம் போச்சு! நம் இளையவனுக்கு மணிக்கட்டு 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தளர்ச்சிக்கு முக்கால் அங்குலம், தடிமனுக்கு அரை அங்குலம். ஆக 9¼ அங்குலம் வேண்டும். 8½ அங்குலத்தில் தயாராகத் தொங்குவதை வாங்கினால் கை தடம் பதியும். மூத்தவனுக்கு மணிக்கட்டு 6½. தளர்ச்சிக்கு அரை அங்குலம், இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலம். சுமார் 7¼ அங்குலம் போதும்.

மாட்டிப் பார்க்கும்போது, கைக்கும் சங்கிலிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். கொக்கி மாட்டியபடியே கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். கட்டைவிரல் மேட்டைத் தாண்டி இறங்கினால் அது என்றைக்காவது தொலையும். ஒல்லிக் கையில் அகலமான கைச்சங்கிலி ஒரு பக்கமாய்ப் புரண்டு, கொக்கி மேலே வந்து நிற்கும். அதையும் கடையிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் கையில் போட வேண்டாம். மேஜையிலும் கதவிலும் அது வாங்குகிற இடி கழுத்துச் சங்கிலிக்குக் கிடையாது. இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் எந்தக் கையிலும் போடக் கூடாது. கடைசல் இயந்திரமோ, சாணைக் கல்லோ, பெல்ட்டோ கெட்டிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறுவதற்கு முன் கை போய்விடும். இங்கே மெல்லியது எளிதில் அறும், தடித்தது அறாது. கார், லாரி பாட்டரியைத் தொடுகிறவருக்கு வேறொரு ஆபத்து. கைச்சங்கிலி ஒரு முனையிலும், கையில் உள்ள ஸ்பானர் இன்னொரு முனையிலும் பட்டு இரண்டும் ஒட்டினால், தங்கம் நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றிச் சுட்டுவிடும். பட்டறைக்குள் நுழையும் முன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதே வழி.

வளரும் பையன்களுக்கு வாங்குகிறவர்கள், கொக்கிப் பக்கம் ஓர் அங்குலத்துக்குக் கூடுதல் வளையங்கள் வைத்துத் தரச் சொல்லலாம். கொஞ்சம் எடைதான் கூடும். கழுத்தும் கையும் பருக்கப் பருக்க, ஒவ்வொரு வளையமாகத் தள்ளி மாட்டிக்கொள்ளலாம்.