ஒரு வாக்கியத்துக்கு எத்தனை ‘சார்’?

லிஃப்ட்டுக்குள் நீங்களும் உங்களைவிட 30 வயது மூத்த மேலாளரும் மட்டும். நான்காவது மாடி வரை என்ன பேசுவது? பலருடைய கை தானாக மொபைலைத் தேடும் இடம் இது.

ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவருக்கு 24 வயது. பிரிவின் சீனியருக்கு 56. டீ நேரம்.

“சார், எப்படி இருக்கீங்க சார்? சாப்டீங்களா சார்?”

“ஆச்சுப்பா.”

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ‘சாப்டீங்களா’ நம் ஊரில் வணக்கம் மாதிரி. அதற்கு ‘ஆச்சு’ என்பதைத் தாண்டி யாரும் பதில் சொல்வதில்லை. கூடவே மூன்று ‘சார்’. தமிழில் மரியாதை ‘நீங்க’ என்பதிலும், ‘வந்தீங்களா’, ‘சொல்லுங்க’ என்று வினைச்சொல் முடிகிற இடத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் பேச்சைத் தொடங்கும்போது ஒரு ‘சார்’ அல்லது ‘மேடம்’ போதும். மற்றதை அந்த ‘ங்க’ பார்த்துக்கொள்ளும். “பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்று அவரே சொன்னாலும் பயப்பட வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு ‘நீங்க’ போட்டால் இரண்டும் பொருந்தும்.

மறுநாள் அந்த இளைஞர் வேறு மாதிரி முயற்சி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“என்ன சார், இன்னிக்கு ஷர்ட்லாம் கலக்குது! வீட்ல ஏதும் விசேஷமா?”

“ம்...”

கேட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் உடை, வீடு, உடம்பு, பிள்ளைகளின் கல்யாணம் இதையெல்லாம் அவர் பேச்செடுத்த பிறகு நாம் தொடர்வதே சரி. ‘எப்போ ரிட்டயர்மென்ட்?’ என்பதும் இதே வகை. நமக்கு அது சாதாரணத் தகவல், அவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். உறவுமுறையிலும் கவனம் தேவை. ‘அண்ணா’, ‘அக்கா’ அந்த அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிற வழக்கமாக இருந்தால் சொல்லலாம். நாமாக ஒருவரை ‘ஆன்ட்டி’ ஆக்கிவிடக் கூடாது.

மூன்றாவது நாள் இப்படித் தொடங்கினால்?

“சார், நேத்து ஒரு பழைய பில்லைத் தேடிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?”

“அதை ஏன் கேக்குற! எல்லாமே லெட்ஜர்தான். மார்ச் மாசம் கணக்கு டேலி ஆகுற வரைக்கும் வீட்டுக்குப் போக முடியாது.”

“டேலி ஆகலைன்னா தப்பு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“வித்தியாசம் 63 ரூபான்னு வெச்சுக்கோ. அது 9-ஆல வகுபடுதுல்ல? அப்போ முதல்ல இலக்கம் இடம் மாறியிருக்கான்னு பாப்போம். யாராவது 81-ஐ 18-னு எழுதியிருப்பாங்க.”

இந்தச் சூத்திரம் இன்றைக்கு எக்ஸெல்லில் கை தவறினாலும் உதவும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அந்த இளைஞருக்குக் கிடைத்தது இது. அவர் ரிட்டயர் ஆகிவிட்டால் இதைச் சொல்லித்தர அந்தப் பிரிவில் ஆள் இருக்காது.

இங்கே கேள்வி, இளைஞர் நேற்று செய்த வேலையிலிருந்து வந்தது. அதனால் சோப்பு போடுவது போலத் தெரியவில்லை. ‘உங்க காலத்துல’ என்று கேட்டிருந்தால் அவரைப் பழைய ஆள் ஆக்கியிருக்கும். ‘எப்படிச் சமாளிச்சீங்க’ என்றது அவருடைய திறமையைக் கேட்டது. இரண்டாவது கேள்வியை இளைஞர் யோசித்து வைத்திருக்கவில்லை. சீனியர் சொன்ன ‘டேலி’ என்ற வார்த்தையையே பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ‘கேக்குற’, ‘வெச்சுக்கோ’ என்று ஒருமைக்கு வந்துவிட்டார். அது அவர் காட்டும் நெருக்கம். நாம் ‘நீங்க’விலேயே இருப்போம். தன்னையே கிண்டல் செய்துகொண்டால் சிரிக்கலாம், நாமும் சேர்ந்து கிண்டல் செய்ய வேண்டாம்.

பேச்சு போதும் என்பதை அவரே காட்டிவிடுவார். பதில் ‘ம்’, ‘ஆமா’ என்று சுருங்கும், பார்வை மானிட்டருக்குப் போகும். “நீ எந்த ஊருப்பா?” என்று திருப்பிக் கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று அர்த்தம். சிலர் வேலை நேரத்தில் பேசவே விரும்பாதவர்கள். மூன்று முறை ‘ம்’ மட்டும் வந்தால் ஒரு வணக்கத்தோடு விட்டுவிடுவதும் மரியாதைதான்.

முடிக்கும்போது சட்டென்று நழுவாமல், “சரிங்க சார், நீங்க பாருங்க. நான் போய் அந்த பில்லை முடிச்சுடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இரண்டு நாள் கழித்து, “சார், நீங்க சொன்ன 9 கணக்கு போட்டுப் பார்த்தேன், மாட்டிக்கிச்சு!” என்று போய்ச் சொல்லுங்கள். அடுத்த டீக்கு அவரே கூப்பிடுவார்.